ஸ்லைசர் கூட்டத்தில் தொலையும் எண்: பவர் பிஐ அறிக்கைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"சார், அறிக்கையில் எண் தவறாக இருக்கிறது." பவர் பிஐ அறிக்கைகளைப் பராமரிக்கும் எனக்கு இந்த அழைப்பு வராத மாதமே இல்லை. முன்பெல்லாம் உடனே தரவைத்தான் சந்தேகிப்பேன். மூல அட்டவணையைத் திறந்து, பில்லுக்குப் பில் கூட்டிப் பார்த்து, அரைநாள் போனபிறகு எண் சரிதான் என்று தெரியவரும். தவறு பார்ப்பவரின் திரையில் இருந்திருக்கும். எப்போதோ அவர் தொட்ட ஒரு ஸ்லைசர், பதினான்கு ஸ்லைசர்களுக்கு நடுவே தேர்வான நிலையிலேயே கிடந்திருக்கும்.

இப்போது நான் முதலில் கேட்பது வேறு: "இடப்பக்கம் என்னென்ன தேர்வாகியிருக்கிறது, மேலிருந்து வரிசையாகப் படித்துச் சொல்லுங்கள்." பெரும்பாலும் படித்து முடிப்பதற்குள் அவரே காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

கீழே எடுத்துக்காட்டாக வருவது மளிகைப் பொருள்களைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனை அறிக்கை. அதன் முதல் பக்கத்தில் நிதியாண்டு, காலாண்டு, மாதம், தேதி வரம்பு, மண்டலம், மாவட்டம், ரூட், விற்பனையாளர், கடை, பொருள் வகை, பிராண்டு, பொருள், பில் வகை, பணம் செலுத்தும் முறை என்று பதினான்கு ஸ்லைசர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஒருநாள் கேட்டதால் வந்தது. எதையும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

## எதையும் தொடுவதற்கு முன்

கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவையுங்கள். பிறகு, எந்த அறிகுறிக்கும் உதவும் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். இப்போது எதெது தேர்வாகியிருக்கிறது என்பதை எழுத்தில் காட்டும் ஒரு கார்டைப் பக்கத்தின் தலைப்புக்குக் கீழே வையுங்கள். அதற்கான மெஷர் இது:

```
Selection Text =
FORMAT ( MIN ( 'Date'[Date] ), "dd-MM-yyyy" ) & " முதல் "
    & FORMAT ( MAX ( 'Date'[Date] ), "dd-MM-yyyy" ) & " வரை | பகுதி: "
    & IF (
        ISCROSSFILTERED ( Area[Zone] ),
        CONCATENATEX ( VALUES ( Area[Zone] ), Area[Zone], ", " ),
        "அனைத்தும்"
    )
```

அட்டவணைப் பெயர்களை உங்கள் கோப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பொருள், விற்பனையாளர் ஆகியவற்றையும் இதே முறையில் சேர்க்கலாம். இந்தக் கார்டின் பெரிய பலன், கண்ணுக்குத் தெரியாத ஸ்லைசர்களின் தேர்வும் இதில் வந்துவிடுவதுதான். திரையைப் படம்பிடித்து அனுப்புபவரிடம் நான் இந்த வரியையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறேன். பாதி அழைப்புகள் அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடுகின்றன.

## அறிகுறி 1: ஒரே பக்கம், இருவருக்கு இரண்டு எண்

எளிய காரணம்: பார்ப்பவரின் பழைய தேர்வு நினைவில் இருக்கிறது. இணையத்தில் அறிக்கையைத் திறப்பவர் கடைசியாக வைத்துவிட்டுப் போன ஸ்லைசர் தேர்வுகளைப் பவர் பிஐ அவர் கணக்கில் சேமித்து வைக்கிறது. மறுமுறை திறக்கும்போது நீங்கள் வெளியிட்ட நிலை வராது, அவர் விட்டுச்சென்ற நிலைதான் வரும். போன வாரம் ஒரு மாவட்டத்தை மட்டும் பார்த்தவர் இன்று அதை மாநிலத்தின் மொத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்.

சரிபார்க்க, அவரை மேற்பட்டையில் இருக்கும் மீட்டமைப்புக் குறியை அழுத்தச் சொல்லுங்கள். வளைந்து திரும்பும் அம்பு போல இருக்கும். அழுத்தியதும் இருவர் எண்ணும் ஒன்றானால் காரணம் இதுதான்.

இனி வராமல் தடுக்க, டெஸ்க்டாப்பில் `Options` திறந்து `Current file` பகுதியில் `Report settings` போய், `Persistent filters` என்ற தலைப்பின் கீழ் உள்ள பெட்டியில் குறியிடுங்கள். அதன்பின் யார் திறந்தாலும் வெளியிட்ட நிலையிலிருந்தே தொடங்கும். இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். தினமும் தன் ரூட்டை மட்டும் பார்க்கும் விற்பனையாளருக்கு அந்த நினைவு பெரிய வசதி. பலர் கூடிப் பார்க்கும் மேலாண்மை அறிக்கைக்கு அதுவே தொல்லை. நான் மேலாண்மை அறிக்கையில் அதை அணைத்துவிட்டு, விற்பனையாளர்களின் அறிக்கையில் அப்படியே விட்டிருக்கிறேன்.

அடுத்த காரணம்: மறைந்திருக்கும் ஸ்லைசர். `View` பட்டியில் `Sync slicers` திறந்து, ஒவ்வொரு ஸ்லைசரையும் அழுத்திப் பாருங்கள். பக்கங்களின் பெயருக்கு எதிரே இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று தேர்வை அந்தப் பக்கத்துக்கும் கடத்துகிறது, கண் படம் உள்ள மற்றொன்று ஸ்லைசரை அங்கே காட்டுகிறது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால், முதல் பக்கத்தில் செய்த தேர்வு மூன்றாம் பக்கத்தின் எண்ணைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டிருக்கும். எங்கள் அறிக்கையில் பணம் செலுத்தும் முறைக்கான ஸ்லைசர் இப்படித்தான் இருந்தது. முதல் பக்கத்தில் "ரொக்கம்" என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால் கடைவாரிப் பக்கத்தில் கடன் விற்பனை முழுவதும் காணாமல் போகும். அந்தப் பக்கத்தில் ஸ்லைசரே கண்ணில் படாததால் யாருக்கும் காரணம் புரியவில்லை.

தீர்வு எளிது. கடத்துவதாக இருந்தால் காட்டுங்கள், காட்டாவிட்டால் கடத்தாதீர்கள். இடமில்லை என்று மறைக்க நேர்ந்தால் மேலே சொன்ன கார்டு அந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொரு சோதனை: எண் வித்தியாசப்படும் வரைபடத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் மூலையில் புனல் போன்ற சிறு குறி தெரியும். அதன் மேல் நிறுத்தினால் அந்தப் படத்தைப் பாதிக்கும் ஃபில்டர்களும் ஸ்லைசர்களும் பட்டியலாக வரும். தொலைபேசியில் இதைச் சொல்லிக்கொடுப்பதும் எளிது.

இவை எல்லாம் ஒன்றாக இருந்தும் எண் மாறினால், இருவருக்கும் தரவில் வெவ்வேறு அளவு அனுமதி தரப்பட்டிருக்கலாம். அது ஸ்லைசர் சிக்கல் இல்லை. அனுமதிகளை அமைத்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: எல்லாப் பெட்டியும் வெறுமையாக வருகிறது

ஒன்றோடொன்று மோதும் தேதித் தேர்வுகள். நிதியாண்டு 2024-25 தேர்வாகி, தேதி வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 30 வரை நின்றால், இரண்டுக்கும் பொதுவான நாள் ஒன்றுகூட இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் எங்களுக்கு வந்த அழைப்புகள் பெரும்பாலும் இதுதான். பார்ப்பவர் மாதத்தை மாற்றினார், நிதியாண்டை மாற்ற மறந்துவிட்டார். அது அவர் தவறில்லை. ஒரே காலத்தைச் சொல்ல நான்கு ஸ்லைசர்களை வைத்த நம் தவறு. தேதிக்கு ஒரே ஒரு ஸ்லைசரை வைத்துவிட்டால் இந்த அறிகுறி அடியோடு போய்விடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மாத ஸ்லைசரில் ஆண்டு சேராமல் "ஏப்ரல்" என்று மட்டும் இருந்தால், எல்லா ஆண்டுகளின் ஏப்ரலும் கூடி ஒரே எண்ணாக வரும். வெறுமையாவது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பெரிய எண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மாதப் பெயரோடு ஆண்டையும் சேர்த்து "Apr 2025" என்றே வையுங்கள்.

தேர்வான மதிப்பு தரவில் இப்போது இல்லை. ரூட் பட்டியலில் "சேலம்" என்று இருந்ததை யாரோ "சேலம்-1", "சேலம்-2" என்று பிரித்துவிட்டார்கள். ஸ்லைசரோ இன்னும் பழைய "சேலம்" என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்லைசரை மட்டும் அழித்துவிட்டுப் புதிய பெயரைத் தேர்ந்தெடுத்ததும் எண்கள் வந்தால் காரணம் இதுதான். கோப்பிலும் மாற்றி மறுபடி வெளியிடுங்கள், புக்மார்க்கிலும் மாற்றுங்கள். பெயர்கள் அடிக்கடி மாறுமானால் அந்த ஸ்லைசரில் எதையும் தேர்ந்தெடுக்காமல் வெளியிடுவதே நல்லது.

## அறிகுறி 3: திறந்ததும் பழைய மாதம் வருகிறது

ஸ்லைசருக்கு "எப்போதும் கடைசி மாதம்" என்று கட்டளையிடும் அமைப்பு தனியாக இல்லை. நீங்கள் டெஸ்க்டாப்பில் என்ன தேர்ந்தெடுத்து வெளியிட்டீர்களோ அதுதான் தொடக்கத் தேர்வு. மார்ச்சில் "Mar 2025" வைத்து வெளியிட்டால் ஜூலையிலும் அதுவே நிற்கும். மாதாமாதம் திறந்து மாற்றி வெளியிடுவேன் என்று நானும் சில மாதம் செய்தேன். ஒரு விடுப்பில் விட்டுப்போனது, அந்த மாதக் கூட்டத்தில் பழைய எண்ணை வைத்தே பேசி முடித்திருந்தார்கள். கையால் செய்யும் வேலையாக இதை விடவே கூடாது.

முதல் வழி: ஸ்லைசரை `Relative date` வகைக்கு மாற்றி, நடப்பு மாதம் என்று வைப்பது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அதில் பழைய மாதம் ஒன்றைத் தேர்ந்து பார்ப்பது பலருக்குக் கைவருவதில்லை. இணையத்தில் அது உலகப் பொது நேரத்தைக் கணக்கில் கொள்வதால், நம் நேரம் காலை ஐந்தரை வரை நேற்றைய தேதியே நிற்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

நான் கடைசியில் நிலைத்த வழி: மாதப் பெயருக்கு ஒரு தனி நெடுவரிசை. கடைசியாக எந்த மாதத்தில் பில் இருக்கிறதோ அந்த மாதத்தின் பெயருக்குப் பதிலாக "நடப்பு மாதம்" என்ற சொல்லே வரும். மற்ற மாதங்கள் தங்கள் பெயரோடு இருக்கும்.

```
Month Label =
VAR LastBill =
    MAXX (
        FILTER ( VALUES ( Sales[InvoiceDate] ), Sales[InvoiceDate] <= TODAY () ),
        Sales[InvoiceDate]
    )
RETURN
    IF (
        EOMONTH ( 'Date'[Date], 0 ) = EOMONTH ( LastBill, 0 ),
        "நடப்பு மாதம்",
        FORMAT ( 'Date'[Date], "MMM yyyy" )
    )
```

ஸ்லைசரில் "நடப்பு மாதம்" என்பதைத் தேர்ந்து ஒருமுறை வெளியிட்டால் போதும். சேமிக்கப்பட்ட சொல் மாறுவதில்லை, அந்தச் சொல் குறிக்கும் மாதம்தான் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் தானாக நகர்கிறது. மீட்டமைப்புப் பொத்தானுக்கும் இந்தத் தந்திரமே அடித்தளம்.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

மாதங்கள் அகர வரிசையில் கலைந்து வரும். ஆண்டும் மாதமும் சேர்ந்த 202504 போன்ற எண் நெடுவரிசை ஒன்றை வைத்து, `Sort by column` மூலம் அதன்படி வரிசைப்படுத்துங்கள். ஸ்லைசரை இறங்கு வரிசைக்கு மாற்றினால் "நடப்பு மாதம்" மேலே வந்து நிற்கும்.

இன்றைய தேதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மாதத்தின் முதல் நாள் சிக்கலாகும். எங்கள் தரவு விடிகாலை நான்கு மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. அந்நேரத்தில் இணையச் சேவையின் `TODAY ()` முந்தைய நாளையே தரும். தேதி ஒன்று பிறந்த அன்றும் "நடப்பு மாதம்" என்பது போன மாதமாக நிற்கும், அதுவே காலை ஐந்தரைக்குப் பின் புதுப்பித்தால் இன்னும் பில்லே விழாத புதிய மாதமாகிவிடும். புதுப்பிக்கும் நேரத்தைப் பொறுத்து இப்படி மாறக்கூடாது என்றுதான் கடைசிப் பில்லின் தேதியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியானால் `TODAY ()` நிபந்தனை எதற்கு? பில் போடும் இடத்தில் ஒருவர் 2025 என்பதற்குப் பதில் 2052 என்று தட்டிவிட்டார். அந்த நிபந்தனை அப்போது இல்லை. கடைசிப் பில்லின் தேதி 2052 என்றாகிவிட்டது, தேதி அட்டவணையில் அந்த ஆண்டே கிடையாது, "நடப்பு மாதம்" என்ற பெயர் எந்த மாதத்துக்கும் பொருந்தவில்லை. காலையில் அறிக்கையைத் திறந்த எல்லோருக்கும் வெற்றுத் திரை. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதன் விளைவு அது.

எந்த மாதம் தொடக்கமாக இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்பவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். விற்பனைத் தலைவருக்கு நேற்று வரையிலான நடப்பு மாதம் வேண்டும். கணக்காளருக்கு முடிந்துபோன மாதம்தான் வேண்டும். ஒரு ஸ்லைசரால் இருவரையும் திருப்திப்படுத்த முடியாது. நான் இரண்டு பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்கம் வைத்தேன். அதன்பிறகு அந்த வாதம் எழவில்லை.

## அறிகுறி 4: பார்ப்பவர் எதைத் தொடுவது என்று திகைக்கிறார்

இதற்கு அழைப்பு வராது. அறிக்கையை விட்டுவிட்டு எக்செல் கோப்பு கேட்பார்கள். அந்தக் கோரிக்கை வந்தால் ஸ்லைசர்களைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

பவர் பிஐயின் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் எந்தப் பக்கத்தை யார் திறந்தார்கள் என்று சொல்லும், எந்த ஸ்லைசரைத் தொட்டார்கள் என்று சொல்லாது. ஆகவே பார்ப்பவர் அருகில் போய் உட்கார வேண்டும். "இந்த வாரம் பால் பவுடர் எந்த ரூட்டில் குறைந்தது?" போல அவர் வேலையில் உண்மையாகவே எழும் கேள்வி ஒன்றைக் கொடுத்து, பேசாமல் கவனியுங்கள். மூன்று பேரிடம் பத்துப் பத்து நிமிடம் போதும். எங்கள் அறிக்கையில் விற்பனை மேலாளர் ஒருவர் மண்டலம், மாவட்டம், ரூட் ஆகிய மூன்று பட்டியல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ரூட் பெயர் முதலிரண்டில் இல்லை என்று கண்டபின்தான் மூன்றாவதற்கு வந்தார். அந்த நிமிடத்தில் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

செலவில்லாத திருத்தம்: ஒரே கேள்வியின் துண்டுகளை ஒன்றாக்குவது. மண்டலம், மாவட்டம், ரூட் மூன்றையும் ஒரே ஸ்லைசரின் `Field` பெட்டியில் வரிசையாக இட்டால், அம்புக்குறியால் விரியும் ஒரே பட்டியலாகிவிடும். பொருள் வகை, பிராண்டு, பொருள் ஆகியவையும் அப்படியே. நிதியாண்டு, காலாண்டு, மாதம், தேதி வரம்பு நான்கும் மேலே சொன்ன மாதப் பெயர் ஒன்றுக்குள் அடங்கின. பத்து ஸ்லைசர்கள் மூன்றாயின.

அடுத்தது: முடிவாக இருக்க வேண்டியது, தேர்வாக இருக்கிறதா? பில் வகை ஸ்லைசரில் விற்பனை, திரும்பி வந்த சரக்கு, மாதிரி என்று மூன்று இருந்தன. விற்பனை எண்ணில் மாதிரிப் பொருள்கள் சேரக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. விதியைப் பார்ப்பவர் கையில் கொடுக்கக்கூடாது. அதைப் பக்க அளவிலான ஃபில்டராக வைத்துப் பூட்டுக் குறியையும் போட்டேன்.

பிறகு: இந்தப் பக்கத்துக்கு உரியதா? பணம் செலுத்தும் முறை வசூல் பக்கத்துக்குப் போனது. கடை ஸ்லைசரில் ஆயிரக்கணக்கான பெயர்கள், யாரும் உருட்டித் தேட முடியாது. ரூட்டின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் கடைவாரிப் பக்கத்துக்குப் போகும்படி டிரில்த்ரூ வைத்தோம்.

மிஞ்சியவை மாதம், பகுதி, பொருள், விற்பனையாளர். நான்கே நான்கு, அந்த வரிசையில், பக்கத்தின் மேல் ஓரத்தில். நான்கு என்பது விதியில்லை. ஆனால் ஐந்தாவது ஒன்றைக் கேட்பவரிடம், அதற்குப் பதில் எதை எடுக்கலாம் என்று நான் கேட்கிறேன்.

நான்கிலும் ஒரு குழப்பம் மீதமிருக்கும். எந்தப் பெட்டியிலும் குறி இல்லாவிட்டால் "எதுவும் இல்லை" என்று பார்ப்பவர் நினைக்கிறார். பவர் பிஐக்கோ அது "எல்லாமும்". எல்லாப் பகுதியும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிகளை நிரப்பியவர்களைக் கண்டிருக்கிறேன். `Slicer settings` பகுதியில் `Selection` போய், பகுதிக்கும் பொருளுக்கும் `Show "Select all" option` என்பதை இயக்குங்கள். மாதத்துக்கு `Single select` வையுங்கள். பட்டியலில் விற்பனையே இல்லாத பழைய விற்பனையாளர் பெயர்கள் வந்தால், அந்த ஸ்லைசரைத் தேர்ந்துகொண்டு `Filters` பலகத்தில் விற்பனை மெஷரை இட்டு, `is not blank` என்று நிபந்தனை கொடுங்கள்.

## அறிகுறி 5: மீட்டமைப்புப் பொத்தான் சரியாக மீட்டமைப்பதில்லை

பொத்தான் இல்லையென்றால் முதலில் அதைச் செய்துகொள்வோம். `Insert` பட்டியில் பொத்தான்களின் கீழ் `Clear all slicers` என்று ஆயத்தமாக ஒன்று இருக்கிறது. பலர் அதை எடுத்துப் போட்டுவிட்டு முடிந்தது என்கிறார்கள். அது தேர்வுகளைத் துடைக்கும், தொடக்கத் தேர்வுக்குத் திருப்பாது. நடப்பு மாதத்தில் தொடங்கும் அறிக்கையில் அதை அழுத்தினால் மாதத் தேர்வும் போய், எல்லா ஆண்டுகளின் கூட்டல் வந்து நிற்கக்கூடும். நமக்கு வேண்டியது புக்மார்க்.

எல்லா ஸ்லைசர்களையும் தொடக்க நிலையில் வையுங்கள். `Selection` பலகத்தில் கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி ஸ்லைசர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். `Bookmarks` பலகத்தில் `Add` அழுத்தி, "தொடக்க நிலை" என்று பெயரிடுங்கள். பெயருக்கு அருகில் உள்ள மூன்று புள்ளிகளைத் திறந்து `Data` மட்டும் குறியோடு இருக்கட்டும், `Display`, `Current page` இரண்டின் குறியையும் எடுத்துவிடுங்கள். `All visuals` என்பதை `Selected visuals` என்று மாற்றுங்கள். பிறகு வெற்றுப் பொத்தான் ஒன்றை வைத்து, அதன் `Action` வகையை `Bookmark` ஆக்கி இந்தப் புக்மார்க்கைச் சுட்டுங்கள். டெஸ்க்டாப்பில் சோதிக்கும்போது கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் பொத்தான் வேலை செய்யும். வெறுமனே அழுத்திப் பார்த்துவிட்டுப் பொத்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

பொத்தானின் மேல் ஒரு வளைந்த அம்பை மட்டும் போடாமல் "நடப்பு மாதம், எல்லாப் பகுதியும்" என்று அது கொண்டுபோகும் இடத்தையே எழுதுங்கள். நாங்கள் அப்படி மாற்றிய பிறகுதான் மக்கள் அதைத் தயங்காமல் அழுத்தினார்கள்.

அழுத்தினால் பழைய மாதம் வருகிறது. புக்மார்க் அன்றைய தேர்வை அப்படியே பிடித்துவைத்திருக்கிறது. "நடப்பு மாதம்" நெடுவரிசையைச் செய்தபின் புக்மார்க்கைப் புதுப்பியுங்கள்.

ஒரு ஸ்லைசர் மட்டும் அசைவதில்லை. அது புக்மார்க் எடுத்தபிறகு சேர்க்கப்பட்டது. ஸ்லைசர்கள் அனைத்தையும் மறுபடி தேர்ந்துகொண்டு, அந்தத் தேர்வோடேயே `Update` கொடுங்கள்.

ஸ்லைசர்கள் திரும்பின, எண் திரும்பவில்லை. பார்ப்பவர் ஒரு பட்டை வரைபடத்தில் ஒரு பட்டையை அழுத்தியிருப்பார். அதுவும் மற்றப் படங்களை வடிகட்டும். புக்மார்க் எடுக்கும்போது ஸ்லைசர்களோடு அந்த வரைபடங்களையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தினால் வேறு பக்கத்துக்குத் தாவுகிறது. `Current page` குறி இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தப் பக்கத்திலேயே எடுத்த தனிப் புக்மார்க் வைப்பதே குழப்பமில்லாதது.

ஸ்லைசர் பலகையைத் திறந்தாலே தேர்வுகள் அழிகின்றன. இடத்தை மிச்சப்படுத்த ஸ்லைசர்களை ஒரு பலகைக்குள் ஒளித்து, திறக்க ஒரு பொத்தான், மூட ஒரு பொத்தான் வைத்திருக்கும் அறிக்கைகளில் இது வரும். பார்ப்பவர் நான்கு தேர்வுகளைக் கவனமாகச் செய்து, மூடுகிறார். உடனே எல்லாம் பழைய நிலைக்குப் போகின்றன. அவர் மறுபடி செய்கிறார், மறுபடி போகின்றன. திறக்கும், மூடும் புக்மார்க்குகளில் `Data` குறி விட்டுப்போயிருப்பதுதான் காரணம். அவற்றில் `Display` மட்டும் இருக்க வேண்டும். மீட்டமைப்புக்கு நேர் எதிர். இந்த ஒரு குறிக்காக ஒருவர் தன் அரைமணி நேரத்தை இழந்ததை நேரில் பார்த்திருக்கிறேன், ஆகவே வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு புக்மார்க்கின் மூன்று புள்ளிகளையும் திறந்து பார்த்துவிடுகிறேன்.

## அறிகுறி 6: ஒவ்வொரு தேர்வுக்கும் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது

ஒவ்வொரு ஸ்லைசரும் தன் பட்டியலைக் கொண்டுவரத் தனியாக ஒரு வினவலை அனுப்புகிறது. ஸ்லைசர்களைக் குறைத்தாலே பாதி தீரும். மிச்சத்துக்கு `Apply all slicers` பொத்தானை வையுங்கள். பார்ப்பவர் எல்லாவற்றையும் தேர்ந்தபின் ஒரே முறை அழுத்துவார். ஆனால் அதை அழுத்த மறந்துவிட்டு எண் மாறவில்லை என்று அழைப்பவர்களும் வருவார்கள் என்பதால், வேகம் உண்மையிலேயே சிக்கலாக இருந்தால் மட்டும் சேருங்கள். எங்கே நேரம் போகிறது என்பதை `Performance analyzer` காட்டும். நான்கு ஸ்லைசர்கள்தான் இருக்கின்றன, அப்படியும் ஒரு படத்தின் வினவலே பல வினாடி எடுக்கிறதென்றால் சிக்கல் ஸ்லைசரில் இல்லை.

## எப்போது அனுபவமுள்ளவரைக் கூப்பிடுவது

மேலே சொன்னவை எல்லாம் அறிக்கைக் கோப்பின் அளவிலேயே தீர்ந்துவிடுபவை. மூன்று இடங்களில் நிறுத்திக்கொண்டு, தரவு மாதிரியை வடிவமைத்தவரிடமோ பவர் பிஐ நிர்வாகியிடமோ போங்கள்.

முதலாவது, "நான் திறந்தால் என் மண்டலமும், அவர் திறந்தால் அவர் மண்டலமும் தானாகத் தேர்வாக வேண்டும்" என்ற கோரிக்கை. ஆளுக்கு ஆள் தொடக்கத் தேர்வை மாற்ற ஸ்லைசரால் முடியாது. வரிசை அளவிலான அனுமதிகளை அமைக்க வேண்டும். அது யார் எதைப் பார்க்கலாம் என்ற பாதுகாப்பு முடிவும் ஆவதால் நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை.

இரண்டாவது, ஒரு ஸ்லைசரை மாற்றினால் சில படங்கள் அசையவே இல்லை. `Format` பட்டியில் `Edit interactions` திறந்து, யாராவது அந்தப் படத்துக்குத் தடை வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அட்டவணைகளுக்கு இடையேயான உறவு விட்டுப்போயிருக்கலாம். அதை அவசரத்தில் இரு திசை உறவாக மாற்றிவிடாதீர்கள். அந்தப் படம் அசையும், வேறு நான்கு இடங்களில் எண் மாறும்.

மூன்றாவது, தரவு நேரடி இணைப்பில் இருந்து, ஸ்லைசர் பட்டியல் திறக்கவே வினாடிகள் ஆகும் நிலை. அதற்கான வேலை தரவுத்தளத்தின் பக்கம் இருக்கிறது.

கூப்பிடும்போது தேர்வுக் கார்டு தெரியும்படி எடுத்த திரையின் படம் ஒன்று, `Sync slicers` பலகத்தின் படம் ஒன்று, ஒவ்வொரு புக்மார்க்கிலும் எந்தெந்தக் குறி இருக்கிறது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.